திசை, பொழுது, நிறம்: திருவண்ணாமலை வழக்குகளை முன்வைத்து ஒரு மொழிபெயர்ப்பியல் நோக்கு

திறவுச்சொற்கள்: திசைப்பெயர்கள், சிறுபொழுது, நிறப்பெயர்கள், கிரிவலம், செம்மை, மொழிபெயர்ப்பு

முன்னுரை

வெளி, காலம், ஒளி ஆகிய மூன்றும் இயற்கையில் இடையறாது தொடர்வன. அவற்றைத் துண்டாக்கிப் பெயரிடுவது மொழி. ஒரு மொழி துண்டாக்கிய இடத்திலேயே மற்றொரு மொழியும் துண்டாக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்து ‘மேற்கு’, ‘மாலை’, ‘செம்மை’ ஆகியவற்றுக்கு ஆங்கில நிகரன்களைக் காணும்போது, அச்சொற்கள் குறிக்கும் பரப்பின் நடுப்பகுதி மட்டுமே அங்குக் கிடைக்கிறது. அப்பரப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையோ, அந்த எல்லை எதனைச் சார்ந்து நிற்கிறது என்பதையோ அகராதி சொல்வதில்லை. பிழைகள் பெரும்பாலும் எல்லைப் பகுதியிலேயே நேர்கின்றன.

திருவண்ணாமலையின் வழக்குச் சொற்கள் இதனை ஆராய ஏற்றவை. நகரின் நடுவே ஒரு மலை நிற்கிறது. அதன் கிழக்கு அடிவாரத்தில் அண்ணாமலையார் கோயில் உள்ளது. மலையைச் சுற்றி 14 கி.மீ. நீளமுள்ள கிரிவலப் பாதையில் எட்டுத் திசைகளுக்கும் எட்டு இலிங்கங்கள் உள்ளன. தமிழிலும் வடமொழியிலும் எழுந்த தலபுராணங்களும், இரமண மகரிஷியின் (1879–1950) தமிழ் நூல்களும், வெளிமாநிலத்தாருக்கும் வெளிநாட்டாருக்குமான வழிகாட்டி நூல்களும் இவ்வூரைத் தொடர்ந்து மொழிபெயர்ப்புக்கு உட்படுத்தி வருகின்றன. இக்கட்டுரை இவ்வழக்குகளில் திசைச் சொற்களுக்கே மிகுதியான இடம் அளிக்கிறது. மொழிபெயர்ப்பியல் எழுத்துகளில் நிறத்திற்குக் கிடைத்த கவனம் திசைக்குக் கிடைக்கவில்லை.

மேலும் கீழும்

மேற்கு, கிழக்கு என்னும் சொற்கள் ‘மேல்’, ‘கீழ்’ என்பவற்றின் அடியாகப் பிறந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குக் கடலை நோக்கிச் சரியும் நிலத்தில், உயர்ந்த பக்கம் மேற்காகவும் தாழ்ந்த பக்கம் கிழக்காகவும் பெயர் பெற்றன. மலையாள மொழி வழங்கும் நிலம் இதற்கு எதிராக மேற்கு நோக்கிச் சரிகிறது. எனினும் அங்கும் சூரியன் எழும் திசைக்குக் ‘கிழக்கு’ என்பதே பெயர்; மறையும் திசை மட்டும் ஞாயிறு படும் திசை என்னும் பொருளில் ‘படிஞ்ஞாறு’ ஆயிற்று. மலைக்குக் கிழக்கிலிருந்து சென்றோரே இச்சொல்லைத் தம்முடன் கொண்டு சென்றனர் என்பதற்குக் கால்டுவெல் இதனைச் சான்றாகக் காட்டினார்.

திருவண்ணாமலைக் கோயில் வாசலில் நிற்பவருக்குச் சொல்லின் பிறப்பும் நிலத்தின் அமைப்பும் ஒத்துப்போகின்றன. மலை மேற்கே உள்ளது. மேற்கே செல்வது மேலே ஏறுவதும் ஆகும். ஆனால் மலையின் மறுபுறம் உள்ள அடி அண்ணாமலையில் நிற்பவருக்கு மலை கிழக்கே உள்ளது. அவர் ‘கிழக்கே’ செல்லும்போது ஏறுகிறார். ‘மேற்கே’ செல்லும்போது இறங்குகிறார். அவ்வூரார் எவரும் இதை முரணாக உணர்வதில்லை. சொல் பிறந்த காலத்தில் நிலச்சரிவோடு கட்டப்பட்டிருந்தது. இன்று ஞாயிற்றின் போக்கோடு கட்டப்பட்டுள்ளது. சொற்பிறப்பை மொழிபெயர்ப்பினுள் கொண்டுவர விழையும் ஆர்வம் ஆய்வாளர்க்கு இயல்பானதே. எனினும் வழக்கில் உறங்கிவிட்ட பொருளை எழுப்பி வாசகருக்குக் கொடுப்பது மூலத்தில் இல்லாத ஒன்றைச் சேர்ப்பதாகும்.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. சில சொற்களில் ‘மேல’, ‘கீழ’ என்னும் வடிவங்கள் திசையைக் குறிக்கின்றனவா உயரத்தைக் குறிக்கின்றனவா என்பது வெளிப்படையாகத் தெரிவதில்லை. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் என்னும் பெயரில் ‘கீழ்’ திசை குறித்ததாகக் கொள்வதே பொருந்தும். ஊர்ப்பெயரை எழுத்துப்பெயர்ப்புச் செய்வதால் அங்குச் சிக்கல் எழுவதில்லை. மேலத்தெரு, கீழத்தெரு ஆகியவற்றிலோ சிக்கல் உண்டு. ஒரு புதினத்தில் வரும் கீழத்தெருவை ஆங்கிலத்தில் ‘தாழ்ந்த தெரு’ என்று பெயர்ப்பவர் அத்தெருவினர்மேல் ஆசிரியர் சொல்லாத ஒரு தாழ்வைச் சுமத்துகிறார். ‘கிழக்குத் தெரு’ என்று பெயர்ப்பவர், சில கதைகளில் ஆசிரியர் வேண்டுமென்றே ஒலிக்கவிட்ட சாதிக் குறிப்பை அழித்துவிடக்கூடும். இரண்டுள் எது பொருந்தும் என்பதை அத்தொடரை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. அக்கதையில் மற்றைத் தெருக்கள் எவ்வாறு அழைக்கப்படுகின்றன என்று காண வேண்டும். வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் உடன்வந்தால் ‘கீழ’ என்பது திசை. மேல, கீழ ஆகிய இரண்டு மட்டுமே எதிரெதிராக நிறுத்தப்பட்டு, மாந்தரின் பேச்சில் ஏற்றத்தாழ்வும் தொடர்ந்தால் இரு பொருளும் இயங்குகின்றன எனக் கொள்ளலாம். அவ்விடத்தில் சொல்லை எழுத்துப்பெயர்ப்பாக நிறுத்தி, முதன்முறை வரும்போது சூழலாலேயே பொருளை விளங்கவைப்பது நன்று.

அண்ணாமலையார் கோயிலின் மேற்குக் கோபுரத்துக்குப் பேய்க்கோபுரம் என்று பெயர். ‘மேல் கோபுரம்’ என்பதே பேச்சில் திரிந்து ‘பே கோபுரம்’ ஆகிப் பின்னர் ‘பேய்’ எனத் திருத்தம் பெற்றது என்பது வழங்கிவரும் விளக்கம். இவ்விளக்கத்தை ஏற்றுக்கொண்டால், பெயரை ஆங்கிலத்தில் பேய் என்னும் பொருள்படப் பெயர்ப்பது ஒரு திசைச் சொல்லை ஆவியாக மாற்றுவதாகும். ஏற்காவிடினும், இன்று வழங்கும் பெயரில் பேய் இருப்பது உண்மை. பெயரை அவ்வாறே எழுதி ‘மேற்குக் கோபுரம்’ என்று அருகில் சேர்ப்பதே இரு நிலைக்கும் பொருந்தும் வழி.

வலப்புறம் யாருடையது?

பொருள்களின் இருப்பிடத்தைச் சொல்ல மொழிகள் கையாளும் முறைகளுள் இரண்டு இங்குக் கருதத்தக்கன. ஒன்று, பேசுவோரின் உடலைச் சார்ந்த இடம், வலம் முதலியன. மற்றொன்று, யார் எங்கே திரும்பி நின்றாலும் மாறாத நாற்றிசைகள். ஆஸ்திரேலியாவின் கூகு யிமிதிர் மொழியினர் அருகிலுள்ள சிறு பொருள்களுக்கும் நாற்றிசைகளையே கையாள்வது, லெவின்சன் முதலியோரின் ஆய்வுகளால் பரவலாக அறியப்பட்டது. தமிழ் ஆய்வாளர்க்கு இன்னும் நெருக்கமான சான்று எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் மேற்கொண்ட கள ஆய்வாகும். 1995இல் வெளிவந்த அவரது கட்டுரை, தமிழ் பேசுவோருள்ளேயே சிற்றூரார் நாற்றிசைகளையும் நகரத்தார் இடம், வலம் என்பனவற்றையும் மிகுதியாகக் கையாளுவதைக் காட்டியது. மேசைமேல் வரிசையாக வைத்த பொம்மைகளை நினைவில் கொள்ளச் செய்து, பங்கேற்பவரைப் பின்புறம் திருப்பி, மற்றொரு மேசையில் அவ்வாறே அடுக்கச் சொல்வது இவ்வகை ஆய்வுகளில் ஒரு சோதனை. இடமிருந்து வலமாக நினைவில் கொண்டவர் ஒரு வகையாகவும் வடக்கிலிருந்து தெற்காக நினைவில் கொண்டவர் அதற்கு நேர்மாறாகவும் அடுக்குவர்.

இதனால் மொழிபெயர்ப்பாளர்க்குக் கிடைக்கும் செய்தி ‘தமிழில் திசை இவ்வாறு’ என்று ஒரே வாய்பாடு வகுக்க முடியாது என்பதே. வடாற்காட்டுக் கதைமாந்தர் ஒருவர் ‘வடக்கால நகர்ந்து உக்காரு’ என்று சொன்னால் அது அவர் சிற்றூர் வாழ்வின் அடையாளம். நகரத்து மருமகள் அதே வீட்டில் ‘லெஃப்ட் பக்கம்’ என்று சொல்லக்கூடும். இரண்டையும் ஆங்கிலத்தில் இடது என்று ஆக்கினால் இரு மாந்தரின் குரலும் ஒன்றாகிவிடும். வடக்கு என்பதை அவ்வாறே வைத்தால் ஆங்கில வாசகர் சற்றுத் தயங்குவார், அத்தயக்கம் ஏற்கத்தக்கதே. ‘மேற்கே போனான்’ என்பதை ஆங்கிலத்தில் நேராக வைப்பதில் மட்டும் கவனம் தேவை. அங்கு அதற்கு ‘இறந்தான்’ என்னும் பழைய கொச்சைப் பொருளும் உண்டு. தமிழில் அவ்வினையைக் குறிப்பால் உணர்த்தும் திசை தெற்கு. கிரிவலப் பாதையில் எமலிங்கம் இருப்பதும் தெற்கிலேயே.

கிரிவலம் இவ்விரு முறைகளையும் ஒன்றாகப் பிணைக்கும் செயல். மலையை வலக்கைப் பக்கம் கொண்டு நடப்பவர், கிழக்கே இந்திரலிங்கத்தின் அருகில் தெற்கு நோக்கி நடக்கிறார். அப்போது அவரது வலப்புறம் மேற்கு. தெற்கே எமலிங்கத்தை அடைந்து மேற்கு நோக்கி நடக்கையில் வலப்புறம் வடக்கு. வருணலிங்கத்தருகில் அது கிழக்கு, குபேரலிங்கத்தருகில் தெற்கு. ஒரு சுற்றில் வலம் என்னும் சொல் நான்கு திசைகளையும் தொட்டுவிடுகிறது. மாறாதது மலை ஒன்றே. ஆங்கில வழிகாட்டிகள் கையாளும் ‘கடிகாரச் சுற்று’ என்னும் விளக்கம் பிழையற்றது. ஆயினும் அது மேலிருந்து வரைபடத்தைக் காண்பவரின் பார்வை. நடப்பவரின் உடலுக்கும் மலைக்கும் உள்ள உறவு அதில் இல்லை. மேலும், பாதையின் இடப்பக்க ஓரமாக நடக்க வேண்டும் என்னும் மரபும் இங்கு உண்டு. ‘இடப்பக்கமாகச் செல்க’ என்பதைத் தனியே பெயர்த்தால், புதிதாக வருபவர் மலையை இடப்பக்கம் கொண்டு செல்ல வேண்டும் எனப் பொருள் கொண்டு எதிர்த்திசையில் புறப்படவும் கூடும். ஒன்று மலையைச் சார்ந்த இடவலம். மற்றொன்று சாலையைச் சார்ந்த இடவலம். சார்பைச் சொல்லாத மொழிபெயர்ப்பு இங்கு முழுமை பெறாது.

வடமொழி மூலங்களில் இச்சிக்கல் வேறு வடிவில் தோன்றுகிறது. ‘தட்சிணம்’ என்பது வலப்புறத்தையும் தெற்கையும் ஒருங்கே குறிக்கும். கிழக்கு நோக்கி நிற்பவரின் வலக்கை தெற்கு. தமிழின் ‘வலம்’ தெற்கைக் குறிப்பதில்லை. எனவே தலபுராணத்தில் வரும் ‘தட்சிண பாகம்’ என்பதைத் தமிழாக்குபவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். இறைவன் கிழக்கு நோக்கிய கோயிலில் இறைவனின் வலப்புறமும் தெற்கும் ஒன்றே. ஆனால் எதிரே மேற்கு நோக்கி நின்று வழிபடுபவரின் வலப்புறம் வடக்கு. இறைவனுக்கு வலமா வழிபடுவோர்க்கு வலமா என்று குறிக்காமல் ‘வலப்புறம் உள்ள சன்னிதி’ என்று எழுதினால், வாசகர் நேர் எதிர்ப்பக்கத்தில் தேட நேரும். ஒரு மொழிபெயர்ப்பில் ‘வலப்புறம்’ வருமிடமெல்லாம் கோயிலின் வரைபடத்தை அருகில் வைத்துத் திசையை எழுதிப் பார்த்தால் இப்பிழை உடனே வெளிப்படும்.

பொழுதின் எல்லை

இலக்கண மரபு நாளின் அறுபது நாழிகையை ஆறு சிறுபொழுதுகளாக வகுக்கிறது. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி. ஞாயிறு எழும் நேரத்தை ஆறு மணி எனக் கொண்டால் காலை பத்து வரையும், நண்பகல் பிற்பகல் இரண்டு வரையும், எற்பாடு ஆறு வரையும், மாலை இரவு பத்து வரையும், யாமம் இரண்டு வரையும், வைகறை மறுநாள் ஆறு வரையும் நீளும். இக்கணக்கில் மாலை தொடங்குவது ஞாயிறு மறைந்த பின்னரே. இன்றைய வழக்கிலோ ‘மாலை நான்கு மணி’ என்பது இயல்பான தொடர். ஆகவே சங்கப் பாடலின் மாலைக்குப் பொருந்தும் ஆங்கிலச் சொல் இன்றைய அழைப்பிதழின் மாலை நான்கு மணிக்குப் பொருந்தாது; ஆங்கிலத்தில் அது பிற்பகலே. தமிழுக்குள்ளேயே எல்லை இடம்பெயர்ந்துள்ளது. வைகறையை ‘விடியல்’ எனப் பெயர்ப்பதிலும் இதனை ஒத்த இழப்பு உண்டு. வைகறையின் பெரும்பகுதி இருள். மருதத் தலைவன் வீடு திரும்பும் பொழுதை வெளிச்சத்தில் நிறுத்தினால், மறைந்து வரும் தன்மை போய்விடும்.

பொழுதின் பெயரைவிட நாளின் தொடக்கமே நடைமுறையில் மிகுந்த தீங்கு விளைவிப்பது. பஞ்சாங்க நாள் ஞாயிறு எழும்போது தொடங்கும்; கடிகார நாள் நள்ளிரவில் தொடங்கும். ‘வியாழக்கிழமை பின்னிரவு மூன்று மணி’ என்று மரபு வழியில் சொல்வது, ஆங்கிலக் கணக்கில் வெள்ளிக்கிழமை மூன்று மணி. பௌர்ணமி கிரிவலத்துக்கு வருவோர்க்கு இந்த வேறுபாடு ஒரு முழு இரவு.

எடுத்துக்காட்டாக ஓர் அறிவிப்பை எண்ணிக்கொள்ளலாம்: பௌர்ணமி வியாழக்கிழமை பின்னிரவு 3 மணிக்குத் தொடங்கி வெள்ளிக்கிழமை பின்னிரவு 1 மணிக்கு நிறைவுறும். கடிகாரக் கணக்கில் இது வெள்ளி 3 மணி முதல் சனி 1 மணி வரை, 22 மணி நேரம். மொழிபெயர்ப்பாளர் தொடக்கத்தை மட்டும் மாற்றி முடிவை அப்படியே விட்டால், வெள்ளி 3 மணிக்குத் தொடங்கி வெள்ளி 1 மணிக்கு முடிகிறது. தொடங்குமுன்பே முடியும் பௌர்ணமி இல்லை என்பதால் பிழை தானே தெரியும். முடிவை மட்டும் மாற்றினால் 46 மணி வருகிறது. ஒரு திதி ஏறத்தாழ 19 முதல் 26 மணி வரையே நீடிப்பதால் இதுவும் பிடிபடும். இரண்டையுமே மாற்றாது விட்டால் வியாழன் 3 மணி முதல் வெள்ளி 1 மணி வரை என அமைந்து, கால அளவு சரியாக 22 மணியே வரும். கூட்டிக் கழித்துப் பார்ப்பவர்க்கும் புலப்படாத பிழை இதுதான். இதைக் காண, நாட்காட்டியில் பௌர்ணமித் தேதியோடு ஒப்பிடுவது ஒன்றே வழி. கிழமையோடு தேதியையும் 24 மணிக் கணக்கையும் சேர்த்து எழுதும் மொழிபெயர்ப்பாளர் இத்தொல்லையிலிருந்து தப்பலாம்.

இதன் மறுதலையாக, நள்ளிரவுக்குப் பிந்தைய இரண்டு மணியை ஆங்கிலம் ‘காலை’ என்று சொல்லும். அதனை ‘காலை இரண்டு மணி’ எனத் தமிழாக்கும் வழக்கம் பெருகி வருகிறது. ‘அதிகாலை இரண்டு மணி’ என்று நாளிதழ்கள் எழுதுவது இதற்கு ஒரு சமரசம், ஏற்கத்தக்கதே. பரணி தீபம் ஏற்றப்படும் நான்கு மணிக்கு அதிகாலை என்பது முற்றும் பொருந்தும். ஒரு மணிக்கும் அச்சொல்லை நீட்டுவது கேட்போர் காதுக்கு ஒவ்வவில்லை.

செம்மையின் பரப்பு

நிறப்பெயர்களின் எண்ணிக்கை மொழிதோறும் வேறுபட்டாலும், அவை தோன்றும் முறையில் ஒரு வரிசை உண்டு என்று பெர்லினும் கேயும் 1969இல் முன்வைத்தனர். வெண்மை, கருமை, அடுத்துச் செம்மை, பின்னர்ப் பசுமையோ மஞ்சளோ என்று அவ்வரிசை செல்லும். தமிழில் வெண்மை, கருமை, செம்மை, பசுமை ஆகிய நான்கும் பண்புப்பெயர்களாக ஒரே வாய்பாட்டில் நிற்பதும், மஞ்சள் ஒரு கிழங்கின் பெயராக இருப்பதும் அதனோடு ஒப்பிடத்தக்கவை. ஆனால் பெயர் இல்லாமையால் கண் நிறத்தைப் பிரித்தறியவில்லை என்று முடிவு கட்டுவது தவறு. பசும்பொன் என்றவர் பொன்னையும் தளிரையும் ஒரே நிறமாகக் கண்டார் என்பதன்று. அவ்விரண்டின் புதுமையையும் மினுக்கையும் அவர் ஒரு சொல்லுள் அடக்கினார். பச்சைத் தண்ணீர், பச்சை உடம்பு என்னும் வழக்குகள் இன்றும் அதற்குச் சான்று.

செம்மையும் இத்தகைய பரந்த சொல். செம்மண், செந்நெல், செம்மறி, செம்பு, செம்பொன், செந்தீ ஆகியவற்றை ஆங்கிலம் ஒரே நிறப்பெயரில் அடக்காது. செம்மறி அங்குப் பழுப்பு, பொன் மஞ்சள். இவ்விரிவு அண்ணாமலையின் தலமரபை மொழிபெயர்க்கும்போது முதன்மை பெறுகிறது. மலை கிருத யுகத்தில் நெருப்பாகவும், திரேதா யுகத்தில் மாணிக்கமாகவும், துவாபர யுகத்தில் பொன்னாகவும், கலியுகத்தில் கல்லாகவும் விளங்குவதாக அம்மரபு கூறும். செந்தீ, செம்மணி, செம்பொன் என்று தமிழ் வாசகர் இதனை ஒரே நிறத்தின் படிப்படியான தணிவாக உணர இயலும். நான்காவதாகிய கல்லில்தான் நிறம் முறிகிறது. ஆங்கிலத்தில் நெருப்பும் மாணிக்கமும் பொன்னும் மூன்று நிறங்கள். ஒவ்வொரு யுகமும் ஒரு முறிவாகத் தோன்றி, கலியுக முறிவு தனித்து நிற்பதில்லை. மொழிபெயர்ப்பாளர் நிறப்பெயரைத் துறந்து ஒளியை, அதாவது எரிதல், ஒளிர்தல், மின்னுதல் ஆகிய வினைகளைக் கைக்கொண்டால் அத்தொடர்ச்சியைப் பெருமளவு மீட்கலாம். அப்போது கல் ஒளியிழந்ததாக நிற்கும்.

அருணாசலம் என்னும் பெயரிலும் இதே வினா உண்டு. அருணம் விடியலின் செந்நிறம். அருணன் ஞாயிற்றின் தேர்ப்பாகன். அருணோதயம் பொழுதின் பெயர். ‘செம்மலை’ என்றால் பொழுது போய்விடுகிறது. ‘விடியல் மலை’ என்றால் நிறம் போய்விடுகிறது. கிழக்கு அடிவாரத்தில் கோயிலும் ஊரும் அமைந்திருப்பதால், இளவெயில் முதலில் தொடுவது ஊரார் காணும் மலைமுகத்தையே. மலையின் மேற்குமுகம் செந்நிற ஒளி பெறுவதோ ஞாயிறு சாயும் நேரத்தில். ஆகவே இப்பெயரில் நிறமும் பொழுதும் கலந்திருப்பது காண்பவர் நிற்கும் திசையையும் சார்ந்தது. தலைப்பில் அருணாசலம் என்பதை அவ்வாறே வைத்து, பாடலுள் செம்மை முதன்மையான இடத்தில் நிறத்தையும் எழுஞாயிறு முதன்மையான இடத்தில் பொழுதையும் தனித்தனியே பெயர்ப்பது செய்யக்கூடியது. எல்லா இடத்திலும் ஒரே ஆங்கிலச் சொல்லை நிறுத்தும் பதிப்புமுறை கலைச்சொல்லாக்கத்துக்கு உரியது. பாடலுக்கு அது பொருந்துவதில்லை.